கண்மாயின் நடுவே 25 சென்டிமீட்டர்

கண்மாயிலிருந்து எத்தனை யூனிட் வண்டல் எடுத்தார்கள்? தூர்வாரும் வேலையில் கடைசியில் எல்லாரும் வந்து நிற்கும் கேள்வி இதுதான். லாரிக் கணக்கை நம்பலாம், நம்பாமலும் போகலாம். ட்ரோன் இருந்தால் வேறொரு வழி உண்டு. தோண்டுவதற்கு முன் கண்மாய் முழுவதையும் மேலிருந்து படமெடுத்துத் தரையின் முப்பரிமாண வடிவத்தைக் கணினியில் உருவாக்கிக்கொள்ள வேண்டும். தோண்டி முடித்தபின் மறுபடியும் அதையே செய்ய வேண்டும். ஒரு வடிவத்திலிருந்து மற்றதைக் கழித்தால், எடுத்த மண்ணின் கன அளவு கிடைத்துவிடும்.

இந்தக் கழித்தலில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. படங்களைத் தைத்து முடித்ததும் மென்பொருள் ஓர் அறிக்கை தரும். அதில் ‘பிழை 1.8 சென்டிமீட்டர்’ என்றிருக்கும். வரைபடமும் கண்ணுக்கு அழகாக, எங்கும் கிழிசல் இல்லாமல் இருக்கும். ஆனாலும் கண்மாயின் நடுப்பகுதி கால் மீட்டர் மேலே வீங்கி நிற்கக்கூடும். 20 ஹெக்டேர் கண்மாயில் அந்த வீக்கம் எத்தனை லாரி மண்ணுக்குச் சமம் என்பதைப் பிறகு கணக்கிட்டுப் பார்க்கலாம். முதலில், அந்த 1.8 ஏன் எதையும் நிரூபிக்கவில்லை என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும்.

ஓர் அங்குல சென்ஸாரும் 8.8 மில்லிமீட்டர் குவியத் தூரமும் கொண்ட கேமரா, பல சர்வே ட்ரோன்களில் இருப்பதுதான். அதை 100 மீட்டர் உயரத்தில் பறக்கவிட்டால், படத்தின் ஒரு பிக்சல் தரையில் ஏறக்குறைய 2.7 சென்டிமீட்டரைக் குறிக்கும். ஒரு படம் 150 மீட்டர் நீளமும் 100 மீட்டர் அகலமும் உள்ள தரையை அடக்கும். பறக்கும் திசையில் 80 விழுக்காடும் பக்கவாட்டில் 70 விழுக்காடும் படங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுமாறு எடுத்தால், ஓரங்களையும் சேர்த்து நம் கண்மாய்க்கு 400 படங்கள் அளவில் ஆகும். தரையில் உள்ள ஒரு கல் சராசரியாகப் பதினைந்து படங்களிலாவது தெரியும்.

மென்பொருள் இந்தப் படங்களில் பொதுவாகத் தெரியும் லட்சக்கணக்கான புள்ளிகளைப் பொருத்திப் பார்க்கிறது. ஒவ்வொரு படமும் எங்கிருந்து, எந்தக் கோணத்தில் எடுக்கப்பட்டது, ஒவ்வொரு புள்ளியும் வெளியில் எங்கே இருக்கிறது என்ற எல்லாவற்றையும் ஒரே கணக்காகப் போட்டுத் தீர்க்கிறது. அந்தத் தீர்வில் வடிவம் வந்துவிடும். ஆனால் அந்த வடிவம் பூமியில் எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, எவ்வளவு பெரியது என்பது படங்களுக்குள்ளேயே கிடையாது. சாதாரண ட்ரோனின் ஜி.பி.எஸ். அதற்கு ஒரு தோராயமான விடை தருகிறது. கிடைமட்டத்தில் சில மீட்டர் தவறும். உயரத்தில் இன்னும் கூடுதலாகத் தவறும்.

ஆகவே தரையில் சில அடையாளங்களை வைத்து, அவற்றின் இடத்தைச் சென்டிமீட்டர் துல்லியத்தில் அளந்து, மென்பொருளிடம் கொடுக்கிறோம். இவைதான் தரைக் கட்டுப்பாட்டுப் புள்ளிகள். களத்தில் ஜி.சி.பி. என்பார்கள். இடத்துக்கு மூன்று எண்கள், சாய்வுக்கு மூன்று, அளவுக்கு ஒன்று என்று மொத்தம் ஏழு எண்கள் தெரிந்தால் வடிவம் பூமியில் பொருந்தி உட்கார்ந்துவிடும். ஒரே கோட்டில் விழாத மூன்று புள்ளிகளே இதற்குப் போதும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஏழு எண்கள் வடிவத்தை நகர்த்தும், திருப்பும், பெரிதாக்கும். வடிவமே வளைந்திருந்தால் அந்த வளைவை நிமிர்த்த அவற்றால் முடியாது.

வடிவம் ஏன் வளைகிறது? எந்த லென்ஸும் நேர்க்கோட்டைச் சற்று வளைத்தே காட்டும். எவ்வளவு வளைக்கிறது என்பதைத் தனியாக அளந்து கொடுக்காவிட்டால், மென்பொருள் அதையும் இந்தப் படங்களிலிருந்தே கண்டுபிடிக்கப் பார்க்கும். நாமோ ஒரே உயரத்திலிருந்து, கேமராவைச் செங்குத்தாகக் கீழே காட்டி, ஏறக்குறைய சமமான தரையை 400 முறை எடுத்திருக்கிறோம். இப்படிப்பட்ட படங்களுக்கு இரண்டு விளக்கங்கள் ஒரே அளவில் பொருந்தும். லென்ஸின் வளைவு சரியாக இருந்து தரை சமமாக இருக்கலாம். லென்ஸின் வளைவைச் சற்றுத் தவறாகக் கொண்டு, தரையைச் சற்று மேடாகவோ குழியாகவோ கொண்டாலும் படங்கள் அதே கச்சிதத்தோடு ஒன்றோடொன்று பொருந்தும். எது உண்மை என்று சொல்லும் தகவல் படங்களில் மிகக் குறைவு. இங்கிலாந்தின் மைக் ஜேம்ஸும் ஸ்டூவர்ட் ராப்சனும் 2014-இல் வெளியிட்ட ஆய்வு இந்தக் குவிமாடப் பிழையைத் தெளிவாகப் பிரித்துக் காட்டியது. கேமராவைச் சாய்த்து எடுத்த சில படங்களைச் சேர்த்தாலே பிழை பெருமளவு அடங்கிவிடுகிறது என்பதும் அவர்களின் முடிவு. சாய்ந்த பார்வையில் தரையும் லென்ஸும் ஒன்றுபோல நடந்துகொள்வதில்லை. அதனால் இரண்டையும் பிரித்தறிய மென்பொருளுக்குப் பிடி கிடைக்கிறது.

கண்மாய்க்கு இந்தப் பிழை குறிப்பாகக் கெட்டது. கண்மாயே ஆழமில்லாத ஒரு தட்டைக் குழிதான். செயற்கையாக விழுந்த வளைவும் இயற்கையான வளைவும் ஒன்றில் ஒன்று கரைந்துவிடும். நெடுஞ்சாலையில் இந்த வளைவு வந்தால் பார்த்தவுடன் சந்தேகம் வரும். கண்மாயில் வராது.

ஆர்த்தோமொசைக்கைப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது. அது மேலிருந்து பார்க்கும் தட்டையான படம். ஒரு இடத்துக்கு நேர் மேலே எடுத்த படத்தின் நடுப்பகுதியிலிருந்தே பெரும்பாலும் அது வெட்டியெடுக்கப்படுகிறது. உயரத்தில் 25 சென்டிமீட்டர் தவறினாலும் கிடைமட்டத்தில் ஐந்தாறு சென்டிமீட்டர்தான் விலகும். இரண்டு பிக்சல் அவ்வளவுதான். வரப்புகளும் மடைகளும் சரியான இடத்தில் இருப்பதைப் பார்த்து உயரமும் சரியாக இருக்கும் என்று நினைப்பது இயல்பு. அந்த முடிவுக்கு ஆதாரம் எதுவுமில்லை.

அடையாளங்களை எங்கே வைப்பது என்பதிலிருந்து வேலை தொடங்குகிறது. நடக்கச் சுலபம் என்பதால் எல்லாவற்றையும் கரைமேலேயே வைத்துவிடுவார்கள். கரையோ ஏறக்குறைய ஒரே கோடு. அந்தக் கோட்டை அச்சாகக் கொண்டு மொத்த வரைபடமும் கீல் போட்ட கதவைப்போல ஆடலாம். கரையோரம் சரியாக இருக்கும். நீர்ப்பிடிப்புப் பக்கம் போகப்போகப் பிழை கூடும். எனவே புள்ளிகள் நான்கு ஓரங்களையும் பிடிக்க வேண்டும், நடுவிலும் இருக்க வேண்டும். கரையின் உச்சி, பள்ளத்தின் அடி என்று உயரம் மாறும் இடங்களிலும் இருக்க வேண்டும். வளைவைப் பிடித்து நிறுத்துவது நடுவில் உள்ள புள்ளிகள்தான். சேற்றில் இறங்கி நடக்க வேண்டியிருக்கிறது என்பதற்காக விட்டுவிடப்படுபவையும் அவைதான்.

அடையாளத்துக்கு ஃப்ளெக்ஸ் துணியில் அச்சடித்த கறுப்பு வெள்ளைக் கட்டம் நல்லது. 60 சென்டிமீட்டர் சதுரம் என்றால் படத்தில் இருபது பிக்சலுக்கு மேல் வரும். நான்கு கட்டங்களும் சந்திக்கும் மையத்தை ஒரு பிக்சலுக்குள் சுட்டலாம். சுண்ணாம்பில் கூட்டல் குறி போட்டாலும் வேலை நடக்கும். ஆனால் உச்சி வெயிலில் வெள்ளை மட்டும் படத்தில் எரிந்துபோய், கோடு தடித்து, மையம் எங்கே என்று தெரியாமல் போகும். துணியின் நான்கு மூலைகளிலும் நீளமான ஆணி அடித்து, நடுவில் ஒரு முளை அடித்துவிடுவது அவசியம். அளந்த பிறகு ஆடு மிதித்துத் துணி ஒரு சாண் நகர்ந்தால், அந்தப் புள்ளி பக்கத்துப் படங்கள் அனைத்தையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போகும்.

அளப்பது ஆர்.டி.கே. கருவியில். தெரிந்த இடத்தில் ஒரு பேஸ், கையில் கம்போடு ஒரு ரோவர். பேஸ் இல்லையென்றால் இந்திய சர்வே துறையின் கார்ஸ் நிலையங்களிலிருந்து மொபைல் இணையம் வழியாகத் திருத்தம் வாங்கிக்கொள்ளலாம். திரையில் ‘ஃபிக்ஸ்’ என்று வந்தால்தான் பதிய வேண்டும். ‘ஃப்ளோட்’ என்றால் பிழை அரை மீட்டரைத் தொடலாம். இரண்டு மீட்டர் கம்பு ஒரு டிகிரி சாய்ந்தாலே புள்ளி மூன்றரை சென்டிமீட்டர் தள்ளிப்போகும். குமிழி நடுவில் நிற்கும்வரை பொறுக்க வேண்டும். கண்மாயின் களிமண்ணில் கம்பின் கூர்முனை இறங்கும். ஒரு புள்ளியில் இரண்டு, இன்னொன்றில் நான்கு சென்டிமீட்டர் என்று இறங்கினால், அத்தனையும் உயரத்தில் பிழையாகச் சேரும். கீழே ஒரு சிறிய தகட்டைப் போட்டு அதன்மேல் கம்பை ஊன்றினால் இந்தத் தொல்லை இல்லை. தகட்டின் தடிமனை மட்டும் கழித்துக்கொள்ள வேண்டும்.

அளந்ததை ஓப்பன்ட்ரோன்மேப் போன்ற மென்பொருளுக்கு `gcp_list.txt` என்ற சாதாரண உரைக் கோப்பாகக் கொடுக்கலாம். அதன் தொடக்கம் இப்படி இருக்கும்:

```
EPSG:32644
225612.214 1089120.672 -21.386 2734 1822 DJI_0143.JPG gcp01
225612.214 1089120.672 -21.386 2741 1107 DJI_0144.JPG gcp01
```

முதல் வரி ஆயமுறை. அடுத்த வரிகளில் கிழக்கு, வடக்கு, உயரம், பிறகு அந்த அடையாளம் படத்தில் எத்தனையாவது பிக்சலில் இருக்கிறது, எந்தப் படம், புள்ளியின் பெயர். ஒவ்வொரு புள்ளியையும் பல படங்களில் இப்படிக் கையால் சுட்ட வேண்டும்.

இந்த மூன்று வரிகளிலேயே இரண்டு குழிகள் இருக்கின்றன. 32644 என்பது யு.டி.எம். 44-ஆம் மண்டலம், கிழக்கு நெடுங்கோடு 78 டிகிரியில் தொடங்குகிறது. அந்தக் கோடு திண்டுக்கல்லுக்கும் மதுரைக்கும் இடையே ஓடுகிறது. மதுரை 44-இல், திண்டுக்கல் 43-இல். மண்டல எண்ணை மாற்றிப் போட்டால் கண்மாய் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி விழும் என்பதால் உடனே தெரிந்துவிடும்.

இரண்டாவது, அந்த மைனஸ் 21. கண்மாய் கடல்மட்டத்துக்குக் கீழே கிடக்கவில்லை. ஜி.பி.எஸ். உயரத்தை அளப்பது கணிதத்தில் வரைந்த ஒரு நீள்வட்டப் பூமியிலிருந்து. நம் பகுதியில் உண்மையான கடல்மட்டம் அந்த நீள்வட்டத்துக்கு ஏறக்குறைய 90 மீட்டர் கீழே இருக்கிறது. இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில்தான் உலகிலேயே மிக ஆழமான இறக்கம், 106 மீட்டர் வரை. அதன் சரிவில்தான் தமிழகம் இருக்கிறது. கோப்பில் ஒரு புள்ளி நீள்வட்ட உயரத்திலும் இன்னொன்று கடல்மட்ட உயரத்திலும் இருந்தால் கணக்கே சிதறிவிடும். அதைத் தவறவிட முடியாது. தப்பித்துப்போவது வேறொன்று. முதல் சர்வேயை ஒரு ஜியாய்டு மாதிரியிலும் இரண்டாவதை மற்றொன்றிலும் கடல்மட்டத்துக்கு மாற்றினால், இரண்டுக்கும் இடையே சில டெசிமீட்டர் வரை வித்தியாசம் வரலாம். அத்தனையும் வண்டலாகவே கணக்கில் ஏறும். இரண்டு சர்வேயையும் ஒரே முறையில் வைத்துக்கொண்டால் போதும்.

இப்போது அறிக்கையில் உள்ள 1.8-க்கு வரலாம். மென்பொருள் ஜி.சி.பி.க்களைக் கணக்குக்குள் எடுத்துக்கொண்டு, வடிவத்தை அவற்றின்மேல் முடிந்தவரை நெருக்கமாகப் பொருத்துகிறது. பொருத்திய பிறகு எவ்வளவு மிச்சம் என்று அவற்றிடமே கேட்டால், சிறிய எண்தான் வரும். பொருத்தப்பட்டதே அந்த எண் சிறிதாவதற்காகத்தான். உண்மையில் தெரிய வேண்டியது, கணக்கில் சேர்க்காத இடங்களில் வரைபடம் எவ்வளவு தவறுகிறது என்பது. அதற்காகத் தனியாகச் சில புள்ளிகளை அதே கவனத்தோடு அளந்து, மென்பொருளிடம் கொடுக்காமல் வைத்துக்கொள்ள வேண்டும். இவை சோதனைப் புள்ளிகள்.

நம் 20 ஹெக்டேர் கண்மாயில் ஆறு ஜி.சி.பி.க்களும் சுற்றோரத்தில் இருப்பதாகக் கொள்வோம். நடுவில் ஒன்றும் இல்லை. ஒன்பது சோதனைப் புள்ளிகள். வரைபடம் காட்டும் உயரத்திலிருந்து ரோவர் அளந்த உயரத்தைக் கழித்தால், ஓரத்தில் உள்ள மூன்றிலும் −3, +2, −2 சென்டிமீட்டர். ஓரத்துக்கும் நடுவுக்கும் இடையில் உள்ளவற்றில் +11, +13, +12. நடுவில் +24, +27, +25. ஒன்பதையும் வர்க்கப்படுத்தி, சராசரி எடுத்து, வர்க்கமூலம் கண்டால் 16 சென்டிமீட்டர் வருகிறது. ஆர்.எம்.எஸ்.இ. என்று அறிக்கைகளில் எழுதப்படுவது இதுதான். ஜி.சி.பி.க்கள் காட்டிய 1.8-ஐப் போல ஒன்பது மடங்கு.

அந்த 16-ஐவிட எனக்கு முக்கியமாகப் படுவது கூட்டல் கழித்தல் குறிகள். தற்செயலான பிழை என்றால் குறிகள் கலந்துகிடக்கும். இங்கே ஓரத்திலிருந்து நடுவை நோக்கிப் பிழை ஒழுங்காக ஏறுகிறது. வரைபடத்தின்மேல் ஒவ்வொரு புள்ளியிலும் அதன் பிழையை எழுதிப் பார்த்தாலே குவிமாடம் கண்முன் நிற்கும். ஒரே எண்ணாகச் சுருக்கிய அறிக்கையில் இது தெரியாது. சர்வே செய்பவரிடம் புள்ளிவாரியான பட்டியலையும் அவற்றின் இடங்களையும் கேட்டு வாங்க வேண்டியது இதனால்தான்.

மண்ணுக்கு வருவோம். நடுவில் 25 சென்டிமீட்டர், ஓரத்தில் பூஜ்யம் என்று வட்டமாக இறங்கும் குவிமாடத்தின் சராசரி உயரம் அதில் பாதி, 12.5 சென்டிமீட்டர். 20 ஹெக்டேர் என்பது 2 லட்சம் சதுர மீட்டர். பெருக்கினால் 25,000 கன மீட்டர். ஒரு யூனிட் 100 கன அடி, அதாவது 2.83 கன மீட்டர். ஆக, ஏறக்குறைய 8,800 யூனிட் மண், மூன்று யூனிட் லாரியில் 2,900 நடைக்கும் மேல். இந்தப் பிழை தோண்டும் முன் எடுத்த சர்வேயில் மட்டும் இருந்தால், எடுக்காத மண் எடுத்ததாகக் கணக்கில் ஏறும். தோண்டிய பின் எடுத்ததில் மட்டும் இருந்தால், எடுத்த மண் காணாமல் போகும். இரண்டிலும் இருந்தால் ஒன்றையொன்று அடித்துவிடும் என்று எண்ண வேண்டாம். குவிமாடத்தின் அளவு ஒவ்வொரு பறத்தலிலும் மாறும். அடுத்த முறை அது குழியாகவும் திரும்பலாம்.

சரிசெய்ய இரண்டு காரியங்கள் தேவை. நடுப்பகுதியில் மூன்று புதிய ஜி.சி.பி.க்களை வைக்க வேண்டும். செங்குத்துப் படங்களோடு, கேமராவை 20 முதல் 30 டிகிரி சாய்த்துக் குறுக்கே இன்னொரு சுற்றும் பறக்க வேண்டும். அதன்பின் அதே ஒன்பது இடங்களில் பிழை −3, +2, −4, +3, +1, −2, +4, −3, +2 என்று வந்தால், ஆர்.எம்.எஸ்.இ. 2.8 சென்டிமீட்டர், குறிகளில் ஒழுங்கு எதுவும் இல்லை. இங்கே ஒரு சபலம் வரும். புதிதாக மூன்று வைப்பதற்குப் பதில், ஏற்கெனவே அளந்த நடுச் சோதனைப் புள்ளிகளையே ஜி.சி.பி.யாக மாற்றிவிட்டால் என்ன? மாற்றலாம், வரைபடமும் மேம்படும். ஆனால் நடுப்பகுதி சரியாகிவிட்டதா என்று சொல்ல அதன்பின் சாட்சி இருக்காது.

அந்த 2.8-ம் முழுக்கணக்கல்ல. ரோவருக்கே உயரத்தில் இரண்டு சென்டிமீட்டர் அளவு பிழை உண்டு. இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி மூலம் எடுத்தால் 3.5 வரும். அமெரிக்க ஒளிப்பட அளவியல், தொலையுணர்வுச் சங்கமான ஏ.எஸ்.பி.ஆர்.எஸ். 2023-இல் வெளியிட்ட தர விதிகள் இப்படிச் சேர்த்தே சொல்ல வேண்டும் என்கின்றன. சோதனைப் புள்ளிகள் 2014-இன் விதிப்படி குறைந்தது 20, இப்போது 30. சிறிய கண்மாய்க்கு 30 புள்ளிகள் பலரால் அளக்க முடிவதில்லை. ஒன்பதை வைத்துக்கொண்டு குவிமாடம் இருக்கிறதா இல்லையா என்று சொல்லலாம். துல்லியம் 3.5-ஆ 4.5-ஆ என்று அடித்துச் சொல்ல முடியாது.

கன அளவைப் பொறுத்தவரை இன்னொரு நுணுக்கம் உண்டு. மேலும் கீழுமாகச் சிதறும் பிழைகள் பெரிய பரப்பில் ஒன்றையொன்று தின்றுவிடும். எல்லா இடத்திலும் ஒரே பக்கம் விழும் பிழை அப்படிக் கரையாது. 20 ஹெக்டேரில் ஒரே ஒரு சென்டிமீட்டர் பொதுப்பிழை 2,000 கன மீட்டர், அதாவது 700 யூனிட். எனவே ஆர்.எம்.எஸ்.இ.யோடு சராசரிப் பிழையையும் தனியே கேட்க வேண்டும். நம் முதல் பட்டியலில் அது +12, இரண்டாவதில் பூஜ்யம்.

சோதனைப் புள்ளிகளாலும் பிடிக்க முடியாத பிழைகள் இருக்கின்றன. கம்பின் உயரம் 2 மீட்டராக இருக்கக் கருவியில் 1.8 என்று பதிந்திருந்தால், ஜி.சி.பி.க்களும் சோதனைப் புள்ளிகளும் ஒன்றாகவே 20 சென்டிமீட்டர் மேலே போகும். இரண்டுக்கும் இடையே வித்தியாசம் வராது, அறிக்கை சுத்தமாக இருக்கும். பேஸ் நிலையத்தின் உயரத்தைத் தவறாகக் கொடுத்தாலும் இதே கதை. ட்ரோனிலேயே ஆர்.டி.கே. இருந்தால் ஜி.சி.பி. தேவையில்லை என்று விற்பவர்கள் சொல்வதில் ஓரளவு உண்மை உண்டு. கேமரா நின்ற இடங்கள் சென்டிமீட்டரில் தெரிந்தால் வடிவம் வளைவதும் சாய்வதும் நன்றாகக் குறையும். ஆனால் குவியத் தூரத்தில் சிறிது தவறினாலும் மொத்தத் தரையும் ஒரே அளவில் ஏறவோ இறங்கவோ செய்யும். கன அளவை அதிகம் கெடுப்பதும் இந்த வகைப் பிழைதான். ஆர்.டி.கே. ட்ரோனுக்கும் இரண்டு மூன்று ஜி.சி.பி.க்களும் தனியான சோதனைப் புள்ளிகளும் வேண்டும் என்பதே என் கருத்து.

சீமைக் கருவேலம் மண்டிய பகுதி இன்னொரு வரம்பு. வரைபடம் அங்கே முள்மரத்தின் தலையைத்தான் தரை என்று காட்டும். சோதனைப் புள்ளிகளை வெட்டவெளியில் மட்டுமே வைக்க முடியும் என்பதால், அங்கே கிடைத்த 2.8 கருவேலங்காட்டுக்குப் பொருந்தாது. தேங்கிய தண்ணீரிலும் படங்கள் பொருந்தாது. இந்த இரண்டு பகுதிகளையும் எல்லைகட்டி ஒதுக்கி, அவற்றுக்கு மட்டும் ரோவரோடு நடந்து அளப்பதுதான் நேர்மையான வழி.

பொதுப்பிழையைப் பிடிக்கக் கண்மாயிலேயே நல்ல சாதனம் இருக்கிறது. உபரி நீர் வழியும் கலுங்கின் மேல்தளமும், மடையின் கல்தளமும் தூர்வாருவதால் மாறுவதில்லை. முதல் சர்வேயின்போது கலுங்கின் மேல்தளத்தில் நான்கைந்து இடங்களில் பெயின்ட் அடையாளம் வைத்து, ரோவரால் ஒரு முறையும், பக்கத்தில் பெஞ்ச்மார்க் இருந்தால் அதிலிருந்து ஆட்டோ லெவலால் ஒரு முறையும் உயரம் எடுக்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் கம்பின் உயரத்திலோ பேஸிலோ தவறு. தோண்டிய பிறகு எடுத்த வரைபடத்தில் அதே கலுங்கையும், யாரும் கை வைக்காத கரைப்பகுதிகளையும் முதல் வரைபடத்தோடு ஒப்பிட வேண்டும். கலுங்கு நான்கு சென்டிமீட்டர் உயர்ந்ததாகக் காட்டினால், அது 8,000 கன மீட்டர் அளவுக்குக் கணக்கை மாற்றும். அந்த நான்கு எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடித்து நீக்கிய பிறகே ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்க வேண்டும்.